வேலூரில் காட்டிய சவூதி ஆர்டர்: பணம் கட்டும் முன் நாங்கள் பார்த்தது

ராணிப்பேட்டை அக்கா

என் தம்பி ஐடிஐ ஃபிட்டர். சிப்காட்டில் கான்ட்ராக்டில் இருக்கிறான், கைக்கு 14,000 வரும். 2024 மார்ச் கடைசியில் கூட வேலை செய்யும் பையன் ஒருவன் வேலூருக்குக் கூட்டிப் போனான். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை. சவூதியில் ஷட்டவுன் வேலை, மாதம் 1,800 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனியே தரும் என்றார்கள். மொத்தம் 1,20,000 ரூபாய். அதில் 15,000 அட்வான்ஸும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். தம்பி பாஸ்போர்ட் ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு, விசிட்டிங் கார்டையும், ஆள் கேட்டுச் சவூதி கம்பெனி அனுப்பியதாகச் சொன்ன ஆர்டர் நகலையும் வாங்கி வந்தான்.

கார்டில் சென்னை நிறுவனம் ஒன்றின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருந்தன. emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலில் தேடினேன். எண் சரி, பெயர் சரி, லைசென்ஸும் நடப்பில் இருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், தளத்தில் இருந்த போன் நம்பர் வேறு, கார்டில் இருந்தது வேறு. முகவரியும் சென்னை மட்டும்தான், வேலூர் என்று எதுவுமே இல்லை.

மறுநாள் காலை தளத்தில் இருந்த நம்பருக்கே போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகப் பேசினார். "வேலூர்ல எங்களுக்கு ஆபீஸே இல்லைம்மா. அந்தக் கம்பெனிக்கு ஆள் அனுப்பினது உண்மைதான், ஆனா அது போன வருஷமே முடிஞ்சிடுச்சு" என்றார்.

ஆர்டர் தேதி 2024 மார்ச் 5 என்று இருக்கிறதே என்று எனக்குக் குழப்பம். மேல்விஷாரத்தில் தம்பிக்குத் தெரிந்த பாய் ஒருவர், இருபது வருஷம் ஜித்தாவில் இருந்தவர். அவரிடம் காட்டினோம். ஆங்கிலத் தேதியை அவர் பார்க்கவே இல்லை. மேலே அரபியில் சின்னதாக இருந்த ஹிஜ்ரி தேதியில் விரலை வைத்தார். "ஷஅபான் 13, 1444. இது 2023 மார்ச் 5ம்மா. அந்த வருஷம் ஜூலையிலயே 1445 பிறந்துடுச்சு" என்றார். திரும்ப உற்றுப் பார்த்தபோது 2024-இல் கடைசி 4 மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் கருப்பாக, ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றது. அரபி எண்ணை மாற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை.

பணம் கட்டவில்லை. இதேபோல் நகல் பார்த்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாலாஜா மணி

லைசென்ஸ் நம்பர் சரியாக இருந்தால் போதுமே, சென்னை ஆட்கள் எல்லா ஊரிலும் ஆள் வைத்துத்தான் ஆள் பிடிப்பார்கள். தம்பி பத்தாவது பாஸ் என்றால் பாஸ்போர்ட் இசிஎன்ஆர். அதற்கு, வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் எமிக்ரேஷன் கிளியரன்ஸே தேவையில்லை, அரசாங்கம் உள்ளே வராது. விசா காப்பி கையில் வந்ததும் பணம் கொடுங்கள், அவ்வளவுதான்.

ஆற்காடு பெரியவர்

சென்னையில் ஆள் அனுப்பும் அலுவலகத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். மணி சொல்வதில் பாதி சரி. இசிஎன்ஆர் பாஸ்போர்ட்டுக்குக் கிளியரன்ஸ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது போகிறவருக்கான சலுகை, அனுப்புகிறவருக்கு அல்ல. ஃபிட்டரை வெளிநாட்டு வேலைக்கு எடுப்பவர் 1983 எமிக்ரேஷன் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சப் ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதே இல்லை.

இங்கே நடந்தது இரவல் லைசென்ஸ். போலி நம்பர் போட்டால் ஒரே நிமிடத்தில் மாட்டிக்கொள்வான், அதனால் உண்மையான நம்பரையே போடுகிறான். எண் சரியா என்று பார்ப்பது பாதி வேலைதான், அந்த எண்ணுக்கு உரியவன் எதிரே உட்கார்ந்திருப்பவன்தானா என்பதுதான் கேள்வி. அதைத் தங்கச்சி செய்தது போல, தளத்தில் இருக்கும் நம்பருக்கு நாமே பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். கார்டில் இருக்கும் நம்பருக்குப் பேசினால் அவன் ஆளேதான் எடுப்பான்.

பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கம்பெனிக்கு இந்த வேலைக்கு இப்போது டிமாண்ட் இருக்கிறதா? இந்த ஆள் உங்கள் ஊழியரா? ஆமாம் என்றால் அதை அலுவலக மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான இடம் அனுப்பிவிடும். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

தொகையே ஒரு சாட்சி. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் கட்டணம் அதிகபட்சம் 30,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். 1,20,000 என்று வாயைத் திறந்தபோதே எழுந்து வந்திருக்கலாம். கட்டுவதென்றால் நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனி ஆளின் ஜிபேவுக்குப் போன பணத்தை "எங்களுக்கு வரவில்லை" என்று அந்த நிறுவனம் சொன்னால், அது பொய்யாகவும் இருக்காது.

குடியாத்தம் தறி

விசா காப்பி பார்த்துப் பணம் கொடு என்று மணி சொன்னதால் எழுதுகிறேன். 2019-இல் நான் அப்படித்தான் கொடுத்தேன். துபாய் விசா, என் போட்டோ, என் பாஸ்போர்ட் நம்பர், எல்லாம் உண்மை. அது விசிட் விசா என்று படிக்கத் தெரியவில்லை. "போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றான். மாற்றுவதற்கு அங்கே யாரும் இல்லை. ஐம்பத்து இரண்டு நாள் ஒரு அறையில் பதினோரு பேர். மாமனார் டிக்கெட் போட்டுத்தான் ஊர் வந்தேன். விசா அசலா என்று பார்ப்பதோடு எந்த வகை விசா என்றும் பாருங்கள்.

காட்பாடி அம்மா

எல்லாரும் இவ்வளவு சொல்கிறீர்களே, வேலூர் பக்கம் நல்ல ஏஜென்ட் ஒருவரைச் சொல்லுங்கள். என் மகள் நர்சிங் முடித்துவிட்டு நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டாள். குவைத்துக்கு 6 லட்சம் கேட்கிறார்கள்.

ஆற்காடு பெரியவர்

அம்மா, ஆறு லட்சம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கிளியரன்ஸ் தேவைப்படும் நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று 2015-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. குவைத்தும் அதில் உண்டு. நம் தமிழ்நாட்டு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது. முதலில் மகளின் பெயரை அங்கே பதிந்துவிட்டு வாருங்கள்.

வாலாஜா மணி

சரி ஐயா, சப் ஏஜென்ட் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் என் மச்சான் இப்படி ஒருவர் மூலம்தான் போனான், ஆறு வருஷமாக அங்கே நன்றாக இருக்கிறான். 35,400-க்கு யார் அனுப்புகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

ஆற்காடு பெரியவர்

குறைவுதான், மறுக்கவில்லை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவர்களும் அதிகம் கொடுத்துத்தான் போயிருக்கிறார்கள். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்காது, அங்கே போய் வேலை மாறினால் கேட்க வழி இருக்காது. உங்கள் மச்சானிடம் ரசீது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ராணிப்பேட்டை அக்கா

பெரியவருக்கு நன்றி. சென்னை அலுவலகத்துக்கு ஆர்டர் நகலை மெயிலில் அனுப்பிவிட்டேன். போலீசில் புகார் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கொடுத்தார்களா தெரியவில்லை. தம்பியின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இன்னும் அந்த மாடியில்தான் கிடக்கிறது, அதுதான் உறுத்துகிறது. நேற்று இரவு அவனுக்குப் போன் வந்தது. அட்வான்ஸ் 10,000 போதுமாம், ஒரிஜினல் பாஸ்போர்ட்டை மட்டும் நாளைக்கே கொண்டு வரச் சொன்னார்களாம். பாஸ்போர்ட்டை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தம்பி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.