வெங்காயத் தோலில் கத்தி வழுக்குகிறது, எப்படித் தீட்டுவது?

வணக்கம் உறவுகளே. ஞாயிற்றுக்கிழமை செந்தூல் வீட்டில் பிரியாணி. இரண்டு கிலோ பெரிய வெங்காயம் நறுக்க வேண்டும், இருப்பது ஒரே ஒரு சாதாரணக் கத்தி. வேர்ப்பக்கத்தை வெட்டாமல் விட்டு, இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, விரல் நுனிகளை உள்ளே மடக்கித்தான் நறுக்குகிறேன். அரை மணி நேரம் ஐஸ்பெட்டியில் வைத்தால் எரிச்சலும் குறைகிறது.

ஆனால் கத்தி மழுங்கிவிட்டது. அறுப்பதற்குப் பதில் நசுக்குவதால் கண்ணை எரிக்கும் வாயு அதிகமாகக் கிளம்புகிறது. தோலில் வழுக்கி விரல் பக்கம் வருமே, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும், அதில் தீட்டலாம் என்கிறார் அக்கா. கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது? ஒவ்வொரு பக்கமும் எத்தனை முறை இழுப்பது? தண்ணீர் தொட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.