கட்டடப் படத்துக்கு முன்னால் றோட்டு: கச்சான் வண்டியை எங்கே வைப்பது?

கட்டட_மாணவி:
யாழ்ப்பாணம் காங்கேசன்துறை வீதியில், கிழக்குப் பக்கமாக வரப்போகும் இரண்டு மாடிக் கடைத் தொகுதிக்குக் கணினியில் ரெண்டர் படம் செய்கிறேன். முகப்பு மேற்கே பார்க்கிறது. பங்குனி மாதம், பின்னேரம் 3 மணி வெயில். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்க்கிற கோணம். சைக்கிள்காரர், கச்சான் வண்டி, நிறுத்திய மோட்டார் சைக்கிள் எல்லாம் போட்டும் ஒட்டவைத்த மாதிரியே தெரிகிறது. எங்கே பிழை?

வரைபலகை:
படத்தைப் பார்த்தேன், தங்கச்சி. முதலில் கச்சான் வண்டி. முகத்தில் வெயில் அடிக்க, வாசலடியில் ஒருவர் 3 மணிக்கு நிற்பாரா? அந்த நேரம் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கே, 45 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். உங்கள் சன்ஷேட் ஒன்றரை மீற்றர் நீட்டினாலும், அதற்குக் கீழே சுவரில் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேலேதான் நிழல் இறங்கும். தரை முழுக்க வெயில். எதிர்ப்பக்கக் கட்டடம் 7 மீற்றர் உயரமென்றால், அதன் நிழலும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்துக்கு றோட்டில் விழும். வியாபாரி அங்கேதான் இருப்பார், அதாவது கமராவுக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில். முதுகோ பக்கவாட்டோ தெரிந்தால் போதும்.

ரெண்டர்_ராசா:
முதுகைக் காட்டவா காசு தருகிறார்கள்? வாடிக்கையாளருக்கு வேண்டியது வெயில் பட்ட முகப்பும், வாசலில் கலகலப்பும். வண்டிக்கு மேலே ஒரு பெரிய குடையை விரித்துவிட்டால் சரி. அப்புறம் அந்த சைக்கிள்கள் எதிர்த்திசையில் போகின்றன. இடப்பக்கம் ஓடும் ஊரில் கிட்ட இருக்கும் பாதையில் வருகிறவர் படத்தில் இடப்பக்கம் போக வேண்டும், தூரப் பாதையில் இருப்பவர் வலப்பக்கம். படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிப் போடுங்கள், வேலை முடிந்தது.

வரைபலகை:
திசை சொன்னது சரி, ராசா அண்ணா. திருப்புவதில்தான் சிக்கல். சைக்கிள் சங்கிலி எப்போதும் வலப்பக்கத்தில்தான் இருக்கும். தூரப் பாதையில் வலப்பக்கம் போகிறவரின் சைக்கிளில் சங்கிலி நமக்குத் தெரிய வேண்டும், கிட்டப் பாதையில் இடப்பக்கம் போகிறவரிடம் தெரியக் கூடாது. திருப்பினால் இது மாறிவிடும். தினமும் லுமாலா சைக்கிள் ஓட்டுகிற ஊர், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் பக்க ஸ்டாண்ட் வலப்பக்கம் வந்துவிடும், இலக்கத்தகட்டு எழுத்தும் இடம் வலமாக மாறிவிடும். வேறு கோணத்தில் எடுத்த உருவத்தைத் தேடுவதே நல்லது. முப்பரிமாண மாதிரி என்றால் சுழற்றினால் போதும், திருப்பத் தேவையில்லை.

கடைக்காரன்:
எனக்கும் திருநெல்வேலியில் கடை. வாசலில் இளநீர்க்காரர் நிற்பதால் வாகனம் விடவே இடமில்லை. அவரை எப்படி அப்புறப்படுத்துவது என்று யாராவது சொல்லுங்களேன்.

ரெண்டர்_ராசா:
ஐயா, இது படத்தில் வைக்கிற கதை. :)

கட்டட_மாணவி:
நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள்? ஒன்பது போட்டிருக்கிறேன், சம இடைவெளியில்.

வரைபலகை:
அந்தச் சம இடைவெளிதான் காட்டிக்கொடுக்கிறது. கடையை நோக்கி முன்சில்லு, நமக்குப் பின்சில்லு என்று வையுங்கள். பக்க ஸ்டாண்டில் நிற்கும் வண்டி தன் இடப்பக்கம் சாயும். நமக்கு முதுகு காட்டி நிற்பதால் படத்திலும் எல்லாம் இடப்பக்கமே சாய வேண்டும். ஹாண்டிலும் பூட்டிய நிலையில் பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பியிருக்கும். உங்களுடையதெல்லாம் நட்ட தூண்போல நேராக நிற்கின்றன. ஒன்றிரண்டு நடு ஸ்டாண்டில் நேராக நிற்கலாம். பின்தகடு இங்கே மஞ்சள், வெளிநாட்டு மாதிரிகளில் வெள்ளையாக வரும், மாற்றிவிடுங்கள். ஆட்கள் அதிகம் போகிற கடைக்கு முன்னால் ஐந்தாறை நெருக்கி விடுங்கள். வண்டிக்கு ஒரு மீற்றர்கூட வேண்டாம், கண்ணாடிகள் உரசும் நெருக்கம். படிக்கட்டுக்கு முன்னால் மட்டும் வெறுமை. தனியாக ஒன்று சரிந்து, வரிசைக்கு வெளியே. அதன் ஹாண்டிலில் ஒரு ஷொப்பிங் பை.

ரெண்டர்_ராசா:
வண்டிகளுக்கும் வெயில்தானே? அவற்றை ஏன் நிழலுக்குப் போகச் சொல்லவில்லை?

வரைபலகை:
ஐந்து நிமிட வேலைக்கு யாரும் றோட்டைக் கடந்து நிறுத்த மாட்டார்கள். வாசலில் விட்டு, சீற்றில் ஒரு காட்போட் மட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். வியாபாரியோ பகல் முழுக்க நிற்க வேண்டியவர்.

ரெண்டர்_ராசா:
சரி, வண்டிகளை ஏற்கிறேன். கச்சான் வண்டியில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. குடை விரித்தவர் வெயிலில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வரைபலகை:
குடையின் நிழல் கட்டடப் பக்கமாக விழுமே. அப்போ வியாபாரி குடைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். உங்கள் படங்களில் எல்லாரும் குடைக்கு நேர் கீழே நிற்கிறார்கள்.

கட்டட_மாணவி:
நேரத்தைக் காலை 9 மணியாக்கினால்? அப்போது கட்டட நிழல் வாசலிலேயே விழும்.

வரைபலகை:
வண்டி வாசலுக்கு வரலாம். ஆனால் முகப்பு முழுவதும் நிழலில் போய்விடும், வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைக்காரன்:
என் கடையில் அவர் காலையில் வாசலில், மத்தியானத்துக்குப் பிறகு எதிரே. இப்போதுதான் ஏனென்று விளங்குது. ஆனால் காலையில்தான் எனக்கு வாகனம் விட வேணும்!