புதுப்பிப்பு: தொகையிடலுக்கு ஏழு நாள் திருப்புதல், முடிவு என்ன?

நான் கேட்டிருந்தது: "ஜேஇஇ தேர்வுக்குத் தொகையிடல் முறைகளை ஒரே வாரத்தில் எப்படித் திருப்பிப் பார்ப்பது? கணக்கைப் பார்த்ததும் எந்த முறை என்று பிடிபடவில்லை."

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பலன் தந்தது பாளையங்கோட்டை ஆசிரியர் ஐயா சொன்ன வழிதான். முதல் மூன்று நாள்களில் பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள் என நாளுக்கு ஒன்றாகப் பார்த்தேன். அடுத்த மூன்று நாள்களில் தினமும் 40 கலப்புக் கணக்குகளை எடுத்து, தீர்க்காமல் முறையின் பெயரையும் முதல் வரியையும் மட்டும் எழுதி, தவறியவற்றையே முழுமையாகப் போட்டேன்.

பகுதித் தொகையிடலில் எதை u என எடுப்பது என்று சொல்லும் ஐலேட் வரிசையை அம்பாசமுத்திரம் அண்ணாச்சி தந்திருந்தார்; அது பெரும்பாலும் உதவியது, ஆனால் ∫x³e^(x²)dx என்ற கணக்கில் காலை வாரிவிட்டது. அதன்படி x³ஐ u என எடுத்தால், மிஞ்சும் e^(x²)க்கு நாம் படித்த சார்புகளில் தொகையீடே கிடையாது. அரை மணி நேரம் வீணாயிற்று. முதலில் t = x² எனப் பிரதியிட்டால் ½∫t·eᵗdt ஆகிறது, அதன்பின் பகுதித் தொகையிடலில் ½(x²−1)e^(x²)+C வருகிறது. வகையிட்டுச் சரிபார்த்தேன்.

எதிர்பாராதது ஏழாம் நாள் தேர்வில் தெரிந்தது. ∫x·e^(x²)dxஐ 0 முதல் 2 வரை தொகையிடும்போது, tக்கு மேல் எல்லையை 4 என மாற்ற மறந்து, ½(e⁴−1)க்குப் பதில் ½(e²−1) என எழுதியிருந்தேன். இதே பிழை மூன்று கணக்குகளில்.

மகளின் நீட் தேர்வுக்கு இத்திட்டம் போதுமா எனக் கேட்ட அக்காவுக்கு: அதில் கணிதப் பாடமே இல்லை. பகுதிப் பின்னங்களில் காரணி மீண்டும் வரும் கணக்குகள் எனக்கு இன்னும் மெதுவாகவே நகர்கின்றன.