2 ^ 3 ^ 2 வரும்போது ஸ்டாக்கில் இருப்பதை பாப் செய்யணுமா? எனக்கு 1, ஆன்சர் கீயில் -111

மூன்றாம் செமஸ்டர்:

போன வாரம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இன்டர்னலில் வந்த கேள்வி இது. கீழே உள்ளதை போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றி, ஸ்டாக்கை வைத்து மதிப்பு கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

```
20 - 6 / 2 - 2 ^ 3 ^ 2 / ( 10 - 6 )
```

நான் எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ்:

```
20 6 2 / - 2 3 ^ 2 ^ 10 6 - / -
```

இதைக் கணக்குப் போட்டால் 1 வருகிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், மூன்று முறையும் 1 தான். கீயில் -111 என்று போட்டிருக்கிறார்கள். "வந்த ஆபரேட்டருக்குச் சமமான பிரசிடன்ஸ் ஸ்டாக்கின் மேலே இருந்தால் பாப் செய்" என்றுதான் வகுப்பில் எழுதிப்போட்டார்கள். அதன்படிதானே செய்திருக்கிறேன்? எங்கே சறுக்கியது என்று யாராவது சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:

உன் விடை சரிதான் மச்சி. சமம் என்றால் பாப், அதிகம் என்றாலும் பாப், குறைவு என்றால் மட்டும் விட்டுவிடு. அவ்வளவுதான் விதி. `20 - 3 - 5` மாதிரி ஒன்றை எடுத்துப் பார், பாப் செய்யாமல் விட்டால் 22 வந்துவிடும், அது தப்பு. கீ போட்டவர் அவசரத்தில் போட்டிருப்பார். பேப்பரை எடுத்துக்கொண்டு போய்க் கேள்.

ராத்திரி கம்பைலர்:

எதற்கு இவ்வளவு சண்டை? அந்த வரியை அப்படியே C-யில் போட்டு `printf` பண்ணினேன். 12 வருகிறது. 1-உம் இல்லை, -111-உம் இல்லை.

மூன்றாம் செமஸ்டர்:

இப்போது மூன்று விடை ஆகிவிட்டது.

லேப் அக்கா:

தம்பி, 12-ஐ முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். C-யில் `^` என்பது அடுக்கு கிடையாது, பிட் பிட்டாகப் போடும் எக்ஸார். அதன் பிரசிடன்ஸும் கழித்தலைவிடக் கீழே. அதனால் கம்பைலர் `20 - 3 - 2` என்பதை 15 ஆக்கி, `2 / 4`-ஐ முழு எண் வகுத்தலில் 0 ஆக்கி, கடைசியில் 15, 3, 0 மூன்றுக்கும் எக்ஸார் போட்டிருக்கிறது. அதுதான் 12. உன் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பைத்தானில் `**` போட்டுப் பார்த்தால் -111.0 வரும்.

கடைசி பெஞ்ச் சொன்னது பாதி சரி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு அந்த விதி அப்படியே பொருந்தும். அடுக்குக்குப் பொருந்தாது.

காரணத்தை இப்படிப் பார். ஸ்டாக்கிலிருந்து ஒரு ஆபரேட்டரை எடுத்து வெளியீட்டில் எழுதுகிறாய் என்றால், "இவனுக்கு வேண்டிய இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது, இவன் கணக்கை முடித்துவிடலாம்" என்று சொல்கிறாய். `20 - 3 - 5`-இல் இரண்டாவது கழித்தல் வரும்போது முதல் கழித்தலின் வேலை முடிந்துவிட்டது, அதனால் வெளியே அனுப்பலாம். ஆனால் `2 ^ 3 ^ 2`-இல் இரண்டாவது அடுக்கு வரும்போது முதல் அடுக்குக்கு வலது பக்கம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் வலது பக்கம் வெறும் 3 இல்லை, `3 ^ 2`. கணிதத்தில் அடுக்குக்கு மேல் அடுக்கு எழுதினால் மேலிருந்து கீழே வருவதுதான் வழக்கம். இடமிருந்து போவதாக இருந்தால் `(2 ^ 3) ^ 2`-ஐ `2 ^ 6` என்றே எழுதிவிடலாமே, அடுக்கின் மேல் அடுக்கு எழுத வேண்டிய தேவையே வராது.

எனவே முதல் `^`-ஐ எடுக்காமல், அதன் தலையிலேயே இரண்டாவதை புஷ் செய். பின்னால் வந்தது முதலில் வெளியே போகும். வலதிலிருந்து இடமாகக் கணக்கு போடும் வேலையை ஸ்டாக்கே உனக்குச் செய்துவிடுகிறது. இரண்டாவது கழித்தலில் இருந்து போட்டுக் காட்டுகிறேன், அதுவரை நீ எழுதியது சரி.

```
படிப்பது   ஸ்டாக்      வெளியீடு
-         -          20 6 2 / -
2         -          20 6 2 / - 2
^         - ^        20 6 2 / - 2
3         - ^        20 6 2 / - 2 3
^         - ^ ^      20 6 2 / - 2 3
2         - ^ ^      20 6 2 / - 2 3 2
/         - /        20 6 2 / - 2 3 2 ^ ^
(         - / (      மாற்றமில்லை
10        - / (      ... 10
-         - / ( -    ... 10
6         - / ( -    ... 10 6
)         - /        ... 10 6 -
முடிவு     காலி        ... 10 6 - / -
```

`/` வரும் வரியைக் கொஞ்சம் நின்று பார். அங்கேதான் இரண்டு `^`-உம் சேர்ந்து வெளியே போகின்றன. கீழே உள்ள கழித்தலுக்கு வகுத்தலைவிட பிரசிடன்ஸ் குறைவு, அதனால் அது அசையாது. `(` ஸ்டாக்கில் இருக்கும்வரை அது ஒரு தரை மாதிரி, அதற்குக் கீழே இருப்பவை அந்த நேரத்தில் கண்ணில் படவே கூடாது.

மூன்றாம் செமஸ்டர்:

அக்கா, புரிந்துவிட்டது. கையால் போட்டேன். 17, அப்புறம் `3 ^ 2` 9, `2 ^ 9` 512, `10 - 6` 4, `512 / 4` 128, `17 - 128` -111. வந்துவிட்டது!

ஆனால் இதையே லேபுக்கு C-யில் எழுதினேன். சரியான போஸ்ட்ஃபிக்ஸைத்தான் கொடுக்கிறேன், எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டு. 20 என்று அச்சாகிறது. இது நான்காவது விடை.

லேப் அக்கா:

20-ஆ? அப்படியென்றால் நீ இப்படி எழுதியிருப்பாய்:

```
a = pop();
b = pop();
push(a - b);
```

எப்படித் தெரிந்தது என்றால், உன் புரோகிராம் போன வழியில் நானும் நடந்து பார்த்தேன். முதலில் `6 / 2`-க்குப் பதில் `2 / 6`, முழு எண்ணில் 0. அடுத்து `0 - 20`, -20. அடுக்கிலும் திருப்பிப் போட்டு `2 ^ 3` 8, பிறகு `8 ^ 2` 64. `6 - 10` -4. `-4 / 64` மறுபடி 0. கடைசியில் `0 - (-20)`, அதாவது 20.

முதலில் பாப் ஆவது வலது பக்கத்து எண். ஏனென்றால் அதுதான் கடைசியாக உள்ளே போனது. இப்படி மாற்று:

```
b = pop();
a = pop();
push(a - b);
```

கூட்டலும் பெருக்கலும் மட்டும் உள்ள உதாரணத்தில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது, எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான். லேபில் முக்கால்வாசிப் பேர் `2 3 + 4 *` போட்டு 20 வந்ததும் ரெக்கார்டில் ஒட்டிவிடுகிறார்கள். சோதிக்க `9 2 -` போதும். -7 வந்தால் வரிசை மாறியிருக்கிறது.

மாற்றும் பகுதியிலும் நிபந்தனையைத் திருத்த வேண்டும்:

```
while (top != -1 && st[top] != '(' &&
      (prec(st[top]) > prec(c) ||
      (prec(st[top]) == prec(c) && c != '^')))
    out[k++] = st[top--];
```

அந்த `c != '^'` ஒன்றுதான் புதிது.

மூன்றாம் செமஸ்டர்:

-111! ஆமாம் அக்கா, அப்படியேதான் எழுதியிருந்தேன். அடுக்குக்கு `pow` போட்டிருக்கிறேன், அதுவாவது சரியாக இருந்ததே.

அரியர் கிளியர் பண்ணணும்:

எனக்கும் இதே பிரச்சினை. இதே கணக்கை என் புரோகிராமில் போட்டேன், b முதலில், a அப்புறம் என்று சரியாகத்தான் பாப் செய்கிறேன். 512 வருகிறது. எனக்கும் `^`-இல்தான் தப்பா?

லேப் அக்கா:

இல்லை, உங்களுடையது வேறு நோய். உள்ளீட்டை எப்படிக் கொடுக்கிறீர்கள்? `2062/-232^^106-/-` என்று ஒட்டியா?

அரியர் கிளியர் பண்ணணும்:

ஆமாம். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து `isdigit` பார்த்து `c - '0'` புஷ் செய்கிறேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

லேப் அக்கா:

அதனால் 20 என்பது 2, 0 என்று இரண்டு எண்ணாகவும், 10 என்பது 1, 0 என்றும் உள்ளே போகின்றன. முடியும்போது ஸ்டாக்கில் 2, -3, 512 என்று மூன்று எண்கள் கிடக்கும், நீங்கள் மேலே இருப்பதை மட்டும் அச்சிடுகிறீர்கள். புத்தகத்தில் எல்லாம் ஒற்றை இலக்கமாக இருக்கும், அதனால் அங்கே ஓடும். இடைவெளி விட்டுக் கொடுத்து, `strtok` வைத்துத் துண்டு துண்டாக எடுத்து, எண்ணாக இருந்தால் `atoi` செய்யுங்கள். முடிவில் ஸ்டாக்கில் ஒரே ஒரு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனை எண்ணோ, அதைவிட ஒன்று குறைவாக ஆபரேட்டர் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 8 எண், 7 ஆபரேட்டர்.

பழைய பேப்பர்:

நான் பதினைந்து வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். அம்மா சொன்னதில் தப்பில்லை, ஆனால் பையனை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. வினாத்தாளில் `^` எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதியிருந்ததா? எக்செலில் `=2^3^2` அடித்துப் பாருங்கள், 64 தான் வரும். இடமிருந்து வலமாகப் போகிற மென்பொருள்களும் இருக்கின்றன. வகுப்பில் எழுதிப்போட்ட விதியும் விதிவிலக்கைச் சொல்லவில்லை. நான் திருத்தினால், ஸ்டாக் அட்டவணை வரி வரியாக இருந்து, அந்த ஓர் இடம் மட்டும் மாறியிருந்தால் பெரும்பகுதி மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுவேன்.

லேப் அக்கா:

சார், எக்செலைப் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் வேறெதுவும் சொல்லாவிட்டால் வலமிருந்து என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கீயும் அப்படித்தானே போட்டிருக்கிறது.

பழைய பேப்பர்:

அப்படியென்றால் கேள்வியிலேயே ஒரு வரி சேர்த்துவிட வேண்டியதுதானே? சேர்க்காமல் விட்டுவிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடைசி பெஞ்ச்:

சரி, நான் சொன்னது தப்பு. ஆனால் என் பேப்பரிலும் 1 தான் எழுதியிருக்கிறேன், அது இன்னும் கைக்கு வரவில்லை.

மூன்றாம் செமஸ்டர்:

நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் போய்க் கேட்கிறேன். அட்டவணை முழுதாகப் போட்டிருக்கிறேன் சார், 13-க்கு 4 தான் கொடுத்திருக்கிறார்கள்.

அரியர் கிளியர் பண்ணணும்:

`strtok` போட்டேன், -111 வந்தது. ஆனால் `-5 + 3` கொடுத்தால் ஸ்டாக் காலி என்று நின்றுவிடுகிறது. முன்னால் வரும் மைனஸை எப்படிப் பிரித்துக் காட்டுவது?