ஃபார்வர்டு விளம்பர எண்ணுக்கு ரெஸ்யூம்: முதல் செய்தியில் என்ன எழுதினீர்கள்?

அவிநாசி_டேலி: ஊர் வாட்ஸப் குழுவில் வந்த விளம்பரம்: "திருப்பூர் எக்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் தேவை, டேலி தெரிந்திருக்க வேண்டும், ரெஸ்யூமை வாட்ஸப் செய்யவும்." கீழே ஓர் எண். கம்பெனி பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நான் அனுப்பியது இது:

"வணக்கம். திருப்பூர் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் விளம்பரம் பார்த்தேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் 2 வருட அனுபவம். அவிநாசியில் இருக்கிறேன். வேலை இன்னும் காலியாக இருக்கிறதா? எந்த நிறுவனம் என்று சொன்னால் ரெஸ்யூம் அனுப்புகிறேன்."

நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. உங்களுக்கு எப்படி நடந்தது?

பனியன்_ஆபீஸ்: அப்படி ஓர் எண்ணை எங்கள் கம்பெனியில் நான்தான் வைத்திருக்கிறேன். விளம்பரம் போட்ட அன்று மதியத்துக்குள் திரை நிறைந்துவிடும், பாதிப் பேர் வெறும் "ஹாய்". அவர்களிடம் என்ன வேலைக்கு என்று திருப்பிக் கேட்க நேரம் இருக்காது. உங்கள் செய்தி நன்றாகவே இருக்கிறது. ஆனால் கோப்பும் கூடவே வந்திருந்தால் அன்றே பார்த்திருப்பேன். கேள்விக்குப் பதில் போட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பது எனக்கு இன்னொரு வேலை.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. வணக்கம் எழுதி அனுப்பிவிட்டு அடுத்துக் கோப்பை அனுப்பினால், பட்டியலில் எனக்குத் தெரிவது கடைசியாக வந்த கோப்பின் பெயர்தான். அது பெரும்பாலும் `Resume_final_new(2).pdf`. அதே பெயரில் வேறு பலருடையதும் இருக்கும். பிறகு அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு நான் கோப்பை மட்டும்தான் ஃபார்வர்டு செய்வேன், நீங்கள் எழுதிய வரிகள் என் போனிலேயே நின்றுவிடும். அவர் இரண்டு நாள் கழித்துத் தேடும்போது கையில் இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். அதனால் உங்கள் பெயரைப் போட்டு, பின்னால் `_Accounts_Tally_Avinashi.pdf` என்று வைத்தால் கோப்பு எங்கே போனாலும் யாருடையது என்று தெரியும். வேர்டு கோப்பு வேண்டாம், போனில் திறந்தால் கட்டங்கள் கலைந்து கிடக்கின்றன.

ராத்திரி_ஷிஃப்ட்: அது பிஸினஸ் அக்கவுண்ட்டா என்று பாருங்கள். லோகோவும் கம்பெனி பெயரும் இருந்தால் பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் அனுப்பலாம்.

பனியன்_ஆபீஸ்: லோகோ பார்ப்பது சரி, அதை மட்டும் நம்புவது சரியில்லை. பிஸினஸ் ஆப்பை யார் வேண்டுமானாலும் இறக்கி, எந்தப் பெயரும் படமும் வைக்கலாம்.

கவுண்டம்பாளையம்_அக்கா: என் தங்கை இப்படித்தான் அனுப்பினாள். ரெஸ்யூமில் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண் வரை எல்லாம் இருந்தது. இன்டர்வியூவே இல்லாமல் "செலக்ட் ஆகிட்டீங்க, யூனிஃபார்முக்கும் ஐடி கார்டுக்கும் பணம் கட்டுங்க" என்று வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு. கட்டவில்லை, பிளாக் செய்தோம். ஆனால் ராத்திரியில் தெரியாத அழைப்புகள் வருவது நிற்கவில்லை, கடைசியில் சிம்மையே மாற்றினோம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அவிநாசி_டேலி: அக்கா, அதனால்தான் கம்பெனி பெயரை முதலில் கேட்டேன்.

பனியன்_ஆபீஸ்: கேளுங்கள், ஆனால் பதில் வராததை வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது. விளம்பரம் போட்டவர் கன்சல்டன்சி ஆளாக இருந்தால் பெயரைச் சொல்ல மாட்டார். நீங்கள் நேராகக் கம்பெனிக்குப் போய்விட்டால் அவருக்குக் கமிஷன் போச்சு. முதல் ரெஸ்யூமில் எனக்கு வேண்டியது பெயர், போன், ஊர், அனுபவம், தெரிந்த சாஃப்ட்வேர், அவ்வளவுதான். ஊர் எதற்கென்றால், தினமும் வந்துபோக முடியுமா என்று பார்க்க. கதவு எண்ணும் ஆதாரும் வேலையில் சேரும்போது போதும்.

கவுண்டம்பாளையம்_அக்கா: பெயரைச் சொல்லாத எண்ணுக்கு ஊர் கூட நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வசதி என்பதற்காக இங்கே பெண் பிள்ளைகள் போன் நம்பரைப் பறக்கவிட முடியுமா?

மஸ்கட்_மாமா: வெளிநாட்டு வேலையென்றால் பாஸ்போர்ட் நகல் அனுப்பும் முன் அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்த்துவிடுங்கள் தம்பி.

அவிநாசி_டேலி: மாமா, இது திருப்பூர் வேலை. பஸ் பாஸ் இருந்தால் போதும்.

மஸ்கட்_மாமா: சரி சரி. அந்த விளம்பரத்தின் மேலே இரட்டை அம்பு இருக்கிறதா பார். இருந்தால் எத்தனையோ கை மாறி வந்திருக்கிறது. இங்கேயும் பழைய விளம்பரங்கள் அப்படித்தான் சுற்றுகின்றன.

அவிநாசி_டேலி: இரட்டை அம்பு இருக்கிறது. மாமா சொன்னது சரிதான், இப்போதுதான் பதில் வந்தது: "அந்த போஸ்ட் தீபாவளிக்கு முன்னாடியே ஃபில் ஆகிடுச்சு. ரெஸ்யூம் அனுப்பி வைங்க, வேற இடத்துல சொல்றேன்." கம்பெனி பெயர் இப்போதும் சொல்லவில்லை. அனுப்பட்டுமா?

பனியன்_ஆபீஸ்: கன்சல்டன்சி மாதிரி தெரிகிறது. கதவு எண்ணை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

கவுண்டம்பாளையம்_அக்கா: "வேற இடம்" எது என்று கேட்டுவிட்டு அனுப்பு.