கலைச்சொல் உதவி: ஸ்ட்ரீமிங்கில் ‘செக்மென்ட்’ என்பதற்குப் பகுதியா, துண்டா, வேறு சொல்லா?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கட்டற்ற காணொளி பிளேயர் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘செக்மென்ட்’ என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. பிழைச் செய்தியிலும் அமைப்புகளிலும் அது வருகிறது. அப்புறம் உதவிப் பக்கத்தில், “இந்தக் காணொளிக்கு ஏன் நேரடித் தொடுப்பு இல்லை?” என்ற கேள்விக்கான பதில் முழுக்க அந்தச் சொல்லை நம்பித்தான் நிற்கிறது.

பழைய தமிழாக்கத்தில் ‘பகுதி’ என்று போட்டிருக்கிறார்கள். “பகுதி 38 கிடைக்கவில்லை” என்று திரையில் வந்தால், தொடரின் 38ஆம் பகுதியைக் காணோம் என்றுதான் யாரும் படிப்பார்கள். ‘துண்டு’ என்று மாற்றிப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே “இணைப்பு துண்டிக்கப்பட்டது” என்று வேறொரு செய்தி இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. ‘கூறு’ ஏற்கெனவே மென்பொருள் கூறுக்குப் போய்விட்டது.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுந்தரம் எழுதியது:

கயல், இதற்குப் புதுச்சொல் தேவையில்லையே. இணையத்தில் எதுவுமே முழுசாகப் போவதில்லை, சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது. ‘பொட்டலம்’ பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. காணொளிப் பொட்டலம் என்று வைத்துவிடலாம்.

இளங்கோ எழுதியது:

சுந்தரம் ஐயா, எல்லாம் பொட்டலமாகப் போகிறது என்பது சரிதான். ஆனால் அந்தப் பொட்டலம் வேறு, இது வேறு. பொட்டலம் கட்டுவது வலையமைப்பின் வேலை. ஒரு பிடிஎஃப் கோப்பும் பொட்டலங்களாகத்தான் வருகிறது, ஆனாலும் அதற்கு ஒரே முகவரி உண்டு. கயல் கேட்கிற செக்மென்ட் அனுப்பும்போது உண்டாவதல்ல. காணொளியைத் தயார் செய்யும்போதே வெட்டி வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் பிளேயர் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை முழுசாகப் பார்ப்போம். 10 நிமிடக் காணொளி, 6 விநாடிக்கு ஒரு வெட்டு. மொத்தம் 100 துண்டுகள் (இப்போதைக்குத் துண்டு என்றே சொல்கிறேன்). இதை 360, 720 என்று இரண்டு தரங்களில் வைத்தால் 200 துண்டுகள். பிளேயர் முதலில் வாங்குவது காணொளியே இல்லை, எழுத்தாலான ஒரு சின்னப் பட்டியல்:

```
#EXTM3U
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=800000,RESOLUTION=640x360
360/list.m3u8
#EXT-X-STREAM-INF:BANDWIDTH=2500000,RESOLUTION=1280x720
720/list.m3u8
```

இதில் ஒரு தரத்தைத் தேர்ந்துகொண்டு, அந்தத் தரத்துக்கான இரண்டாவது பட்டியலை வாங்கும். துண்டுகளின் பெயர்கள் அதில்தான் இருக்கும்:

```
#EXTM3U
#EXT-X-VERSION:7
#EXT-X-TARGETDURATION:6
#EXT-X-MAP:URI="init.mp4"
#EXTINF:6.0,
s001.m4s
#EXTINF:6.0,
s002.m4s
```

ஒருவர் 720இல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். விநாடிக்கு 25 லட்சம் பிட் வீதம், 6 விநாடித் துண்டு ஏறக்குறைய 1.9 எம்பி வரும். திடீரென்று அவருடைய இணைப்பு விநாடிக்கு 20 லட்சம் பிட்டுக்கு இறங்கிவிடுகிறது. இப்போது ஒரு துண்டு வந்துசேர 7.5 விநாடி ஆகும், ஓடித் தீர்வதோ 6 விநாடியில். துண்டுக்கு ஒன்றரை விநாடி கையிருப்பு கரைகிறது. இது இப்படியே போனால் படம் நின்றுவிடும். அதனால் பிளேயர் 38ஆவது துண்டை 360இன் பட்டியலிலிருந்து கேட்கிறது. 8 லட்சம் பிட் வீதத்தில் அது 2.4 விநாடியில் வந்துவிடும். கையிருப்பு மறுபடி நிரம்பியதும், 46ஆவது துண்டிலிருந்து 720க்குத் திரும்புகிறது.

அப்படியானால் அவர் பார்த்தது எந்தக் கோப்பு? முதல் 37 துண்டுகள் ஓர் அடைவிலிருந்து வந்தவை, அடுத்த 8 வேறோர் அடைவிலிருந்து, மிச்சம் மறுபடி முதல் அடைவிலிருந்து. அந்த வரிசையில் ஒரு கோப்பு சர்வரில் எங்கேயுமே இல்லை. அவருடைய பிளேயர் அந்த நேரத்தில் தொடுத்ததுதான் அது. பக்கத்து அறையில் அதே காணொளியைப் பார்த்தவருக்கு வேறொரு வரிசை கிடைத்திருக்கும். உதவிப் பக்கத்தில் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சேவியர் எழுதியது:

இளங்கோ தம்பி, இதே சிக்கல் எனக்கும். நான் நடத்திய வகுப்பின் காணொளியை ஒரு தளத்தில் ஏற்றியிருந்தேன். மூலக்கோப்பு இருந்த வட்டு போய்விட்டது. தளத்திலிருந்து திரும்ப எடுக்கலாமென்று உலாவியின் ஆய்வுக் கருவியில் பார்த்தால் முகவரி `blob:` என்று தொடங்குகிறது. அதை நகலெடுத்து வேறு உலாவியில் ஒட்டினால் ஒன்றும் வரவில்லை. விடாமல் நெட்வொர்க் பட்டியலில் தேடி ஒரு `.m4s` கோப்பைச் சேமித்தேன். அதுவும் ஓடவில்லை. கோப்பு சிதைந்துவிட்டதா? சிதைந்த கோப்புக்குத் தமிழில் என்ன சொல் என்பதையும் இங்கேயே முடிவுசெய்துவிடலாம்.

இளங்கோ எழுதியது:

அண்ணா, சிதையவில்லை. `blob:` முகவரி உங்கள் உலாவித் தாவலின் நினைவகத்தில் இருக்கிற ஒரு பொருளைத்தான் சுட்டுகிறது. பிளேயரின் ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி அதற்குள் போடுகிறது, வீடியோ பெட்டி அங்கிருந்து எடுத்து ஓட்டுகிறது. தாவலை மூடினால் அந்த முகவரிக்கு உயிரில்லை. இன்னொரு உலாவிக்கு அது தொடக்கத்திலிருந்தே பொருளற்றது.

`.m4s` ஓடாததற்குக் காரணம், மேலே நான் கொடுத்த பட்டியலில் `init.mp4` என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். எந்தக் கோடெக், என்ன அளவு போன்ற விவரமெல்லாம் அதற்குள்தான் இருக்கும். அது கையில் இல்லாமல் துண்டை மட்டும் கொடுத்தால் எந்தப் பிளேயரும் விழிக்கும். பழைய `.ts` வகைத் துண்டில் இந்த விவரம் உள்ளேயே இருப்பதால் அது தனியாகவே ஓடிவிடும்.

உங்கள் காணொளிதானே, முதலில் தளத்தின் மேலாண்மைப் பக்கத்தில் மூலக்கோப்பைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துண்டைத் தேடாமல் பட்டியலைத் தேடுங்கள். ஆய்வுக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்தால், தொடக்கத்திலேயே `m3u8` என்று முடியும் ஒரு கோரிக்கை போகும்.

```
ffmpeg -i "https://example.org/720/list.m3u8" -c copy vaguppu.mp4
```

இது துண்டுகளை வரிசையாக வாங்கி, மறுபடி குறியாக்கம் செய்யாமல் ஒட்டித் தரும். ஒலிக்குத் தனிப் பட்டியல் இருந்தால் படம் மட்டும் வரும், அப்போது முதல் பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள். முகவரியில் நீளமான ஒப்பக் குறி இருந்தால் அது சில மணி நேரத்திலேயே காலாவதி ஆகலாம், எடுத்த கையோடு ஓட்டிவிடுங்கள். தளம் உரிமப் பூட்டுப் போட்டிருந்தால் இது உதவாது.

நசீமா எழுதியது:

ஒரு திருத்தம். “துண்டு என்றால் தனிக்கோப்பு” என்று விளக்கம் எழுதிவிடாதீர்கள் கயல். எங்கள் வேலையில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரே பெரிய கோப்பைத்தான் சர்வரில் வைக்கிறோம். பட்டியலில் `#EXT-X-BYTERANGE` என்ற வரி இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை பைட் என்று சொல்லும், பிளேயர் அந்த அளவுக்கு மட்டும் கேட்கும். அங்கே துண்டு என்பது கோப்புக்குள் ஒரு பைட் வரம்புதான். அந்தக் கோப்புக்கு முகவரியும் உண்டு. ஆனால் அது ஒரு தரம் மட்டுமே, பெரும்பாலும் ஒலியில்லாமல் இருக்கும்.

அதனால் துண்டுக்கு அடையாளம் தனிக்கோப்பாக இருப்பது அல்ல. அது எங்கே தொடங்குகிறது என்பதுதான். காணொளியில் பெரும்பாலான சட்டகங்கள் முழுப்படமாக இருப்பதில்லை, பக்கத்துச் சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும்தான் வைத்திருக்கும். நடுநடுவே ஒரு முழுப்படம் வரும், அதுதான் கீஃபிரேம். துண்டு கீஃபிரேமில் தொடங்கினால்தான் முந்தைய துண்டின் படங்கள் இல்லாமலே அதை விரித்துக் காட்ட முடியும். இளங்கோ சொன்ன 38ஆவது துண்டில் தரம் மாறியதும் இதனால்தான் சாத்தியம்.

வெட்டும்போது இது பிசகுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கீஃபிரேமை எங்கே வைப்பது என்பதைக் குறியாக்கியின் போக்குக்கே விட்டால், 720இல் ஓரிடத்திலும் 360இல் வேறோரிடத்திலும் வைத்துவிடும். தரம் மாறும் கணத்தில் படம் குதிக்கும், அல்லது ஒரு நொடி முன்னால் நடந்ததே மறுபடி வரும். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து `#EXTINF` எண்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒன்றில் 6.0, இன்னொன்றில் 5.2 என்று இருந்தால் வெட்டு பொருந்தவில்லை.

மாரிமுத்து எழுதியது:

நசீமா சொன்னது சொல்லுக்கு வழி காட்டிவிட்டது. முந்தைய துண்டு இல்லாமலே உயிர்பெறக்கூடிய துண்டு! கரும்பு நடவில் இதற்கு ஒரு சொல் உண்டு: கரணை. கரும்பை நறுக்கும்போது ஒவ்வொன்றிலும் பரு இருக்கும்படி நறுக்குவார்கள். பரு இருந்தால்தான் அது முளைக்கும், இல்லாவிட்டால் வெறும் துண்டு. கீஃபிரேம்தான் பரு. ‘காணொளிக் கரணை’, ‘கரணைப் பட்டியல்’. பகுதியோடும் மோதாது, துண்டிப்போடும் மோதாது.

சுந்தரம் எழுதியது:

சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பிழைச் செய்தியில் “கரணை 38 கிடைக்கவில்லை” என்று வந்தால் எத்தனை பேருக்குப் புரியும்? கரும்பு நட்டவருக்குத் தெரியும், மற்றவர் அகராதியைத் தேட வேண்டும். பொட்டலம் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். அப்படியும் துண்டே போதும் என்பது என் கட்சி.

மாரிமுத்து எழுதியது:

ஐயா, ‘உலாவி’ வந்த புதிதிலும் இதே கேள்வி எழுந்திருக்கும். கலைச்சொல் முதல் நாளே புரிய வேண்டியதில்லை, வேறொன்றாகப் புரிந்துவிடக் கூடாது. துண்டுக்கு அந்தச் சிக்கல் இருக்கிறது.

நசீமா எழுதியது:

எனக்குக் கரணை பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு தயக்கம். நாம் பேசுகிற இந்த m3u8 பட்டியல் முறைக்குப் பெயர் எச்எல்எஸ். கீஃபிரேமில் தொடங்காத செக்மென்டை அதன் விதிமுறை அனுமதிக்கிறது. எல்லாத் துண்டும் தனியே விரியும் என்று உறுதி சொல்வதற்கென்றே `#EXT-X-INDEPENDENT-SEGMENTS` என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இல்லாத பட்டியலில் இருப்பவற்றையும் கரணை என்று சொல்லலாமா?

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படிச் செய்கிறேன். பயனர் பார்க்கும் பிழைச் செய்தியில் எண்ணையே எடுத்துவிட்டு, “காணொளியின் அடுத்த சில விநாடிகள் வந்துசேரவில்லை” என்று போடுகிறேன். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அமைப்புகளிலும் பதிவேட்டிலும் ‘கரணை’யைச் சோதனைக்கு வைக்கிறேன், நசீமா அக்காவின் கேள்வியைக் குறிப்பாக இணைத்திருக்கிறேன். உதவிப் பக்கத்தின் வரைவு:

“இந்தக் காணொளி ஒரே கோப்பாக உங்களிடம் வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள கரணைகளாக வெட்டி, ஒவ்வொன்றும் பல தரங்களில் வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் இணைப்பின் வேகத்தைப் பார்த்து எந்தத் தரத்துக் கரணையை அடுத்து வாங்குவது என்று பிளேயர் முடிவுசெய்கிறது. ஆகவே நீங்கள் பார்த்ததை அப்படியே சுட்டும் கோப்புத் தொடுப்பு இல்லை. பகிர்வதற்கு இந்தப் பக்கத்தின் முகவரியைப் பயன்படுத்துங்கள்.”

நேரலைக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே பழைய கரணைகள் பட்டியலிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும் என்று படித்தேன். அப்புறம், தாமதத்தைக் குறைக்க ஒரு செக்மென்டையே இன்னும் சின்னதாகப் பிரித்து `#EXT-X-PART` என்று அனுப்புகிறார்களாமே, அதற்கு என்ன வைப்பது?

இளங்கோ எழுதியது:

நேரலை பற்றிப் படித்தது சரி. பட்டியலின் கடைசியில் `#EXT-X-ENDLIST` வராத வரை பிளேயர் அதைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். `PART` ஒரு விநாடிக்கும் குறைவாகக்கூட இருக்கும், பெரும்பாலானவற்றில் கீஃபிரேம் இருக்காது. மாரிமுத்து ஐயா கணக்குப்படி பரு இல்லாத நறுக்கு. ‘நறுக்கு’ என்றே வைக்கலாமா? சுந்தரம் ஐயா என்ன சொல்கிறீர்கள்?