பெருக்கும் எண்ணில் உள்ள கழித்தல் குறிக்கு ஒரு சொல் வேண்டும்

வளர்மதி:
வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் குறை எண்கள் பற்றிப் பாடம் எழுதுகிறேன். (−3) × (−200) = +600 என்பதில் இரண்டு குறிகளுக்கும் ஒரே வேலை இல்லை. −200 என்பது இருநூறு ரூபாய்க் கடன். −3 கடன் இல்லை. அப்படிப்பட்ட கடனில் மூன்றை நீக்கிவிடு என்கிறது. இரண்டையும் கடன் என்றால், கடனைக் கடனால் எப்படிப் பெருக்குவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயம்தானே? அந்த முதல் குறிக்கு 'மறிப்பு' என்று யோசித்தேன்.

செந்தில்:
மறிப்பு என்றால் சாலை மறியல்தான் ஞாபகம் வரும். அது கிடக்கட்டும், எனக்கு உதாரணமே இடிக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்தால் கைக்குப் பைசா வராதே. விடை 0 தானே?

வளர்மதி:
கையிருப்பை விடுங்கள், கடன் போக மிஞ்சுவதைப் பாருங்கள். பெட்டியில் 1,000 ரூபாய், மூன்று கடைகளில் தலா 200 கடன். மிஞ்சுவது 400. மூன்று பேரும் கணக்கை அடித்துவிட்டால் மிஞ்சுவது 1,000. பெட்டியில் அதே பணம்தான், ஆனால் நிலை 600 ஏறிவிட்டது. அந்த ஏற்றம்தான் விடை.

நசீமா:
என் மகன் −3 − 5 என்பதற்கு +8 போட்டான். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று மனப்பாடம். இதற்கும் சொல் கண்டுபிடியுங்களேன்.

சிவபாலன்:
யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் பாடநூல்களில் குறை எண்ணே 'மறை எண்'தான். பக்கத்தில் 'மறிப்பு' வந்தால் பிள்ளைகள் குழம்புவினம்.

இராமசாமி:
628இல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை, குறை எண்களைச் சொத்து, கடன் என்று பொருள்படும் தனம், ருணம் என்றே எழுதினார். ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம் என்பது அவர் விதி. ஆனால் பிள்ளைகளுக்குத் திசைதான் எளிது. எண்கோட்டில் 0வை ஆணியாக வைத்துக் கோட்டை அரைவட்டம் திருப்புங்கள். −1ஆல் பெருக்குவது அதுதான். −200ஐ மூன்று மடங்காக்கினால் இடப்பக்கம் −600. அதைத் திருப்பினால் வலப்பக்கம் +600.

இது நம் இஷ்டமும் இல்லை. 200உம் −200உம் சேர்ந்தால் 0. அதை −3ஆல் பெருக்கினாலும் 0தான் வரவேண்டும். (−3) × 200 என்பது −600. அப்படியென்றால் (−3) × (−200) அந்த −600ஐ ஈடுகட்டியாக வேண்டும்.

நசீமா அம்மா, உங்கள் மகன் கணக்கில் பெருக்கலே இல்லை, திருப்புவதற்கும் எதுவும் இல்லை. இடப்பக்கம் மூன்று அடி, அப்புறம் அதே பக்கம் ஐந்து அடி: −8.

சொல்லுக்கு என் வாக்கு 'திருப்பம்'.

செந்தில்:
சரி ஐயா, 600 ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'திருப்பம்' என்றால் சாலை வளைவு மாதிரி கால்வட்டமாகவும் இருக்கலாமே?

வளர்மதி:
'எதிர்த்திருப்பம்' என்றால் அந்தச் சந்தேகம் வராது, நீளம்தான் உதைக்கிறது. (−3)ஐ 'திருப்பி மூன்று மடங்கு' என்று வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். தனியாக நிற்கும் −5ஐ என்ன செய்வது? அது 5இன் திருப்பமா, வெறும் கடனா?

சிவபாலன்:
ரெண்டும்தான். பாடத்தில் எதை முதலில் சொல்லப் போறீங்கள்?